இக்கரையும் அக்கரையும்

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே அமைந்த தீவு திருவரங்கம். காவிரிப் பாலத்தைக் கடந்தால் திருச்சிராப்பள்ளி. இவ்விரு கரைகளிலும் பிரிந்து வாழும் குடும்பங்கள் பல. அவற்றுள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மூத்த மகன் வெளிநாட்டில் பணிபுரிகிறார். அவர் மனைவி, முதிய மாமியாருடன் திருவரங்கத்தில் இருக்கிறார். இளைய மகனும் அவர் மனைவியும் தில்லைநகரில் வசிக்கின்றனர். மகள் சென்னையில் இருக்கிறார். உறவினர் அனைவரையும் ஒரு வாட்ஸ்அப் குழு இணைக்கிறது.

ஆடி அமாவாசையன்று இளைய மகன் அம்மா மண்டபம் படித்துறையில் தந்தைக்கு நீர்க்கடன் செய்தார். நிறைந்தோடும் ஆற்றைப் படம் எடுத்துக் குழுவில் இட்டார். அலுவலுக்கு நேரமாகவே அப்படியே திரும்பிவிட்டார். தாய் இருக்கும் வீடு அங்கிருந்து நடக்கும் தொலைவுதான். சிறிது நேரத்தில் அண்ணியிடமிருந்து ஒரு வரி வந்தது: “ஆடிக்கொரு தரம், அமாவாசைக்கொரு தரம்...”

அரிதாக வந்துபோவதைக் குறிக்கும் மரபுத்தொடர் இது. அன்று உண்மையிலேயே ஆடி மாதம், உண்மையிலேயே அமாவாசை. ஆகவே, யாரேனும் கேட்டால், “நாளைத்தானே சொன்னேன்” என்று ஒதுங்கிக்கொள்ள அண்ணிக்கு இடமிருந்தது. ஆனால், நாளை மட்டும் சொல்ல விரும்புகிறவருக்கு ‘ஒரு தரம்’ என்னும் எண்ணிக்கை எதற்கு? குறை அந்த எண்ணிக்கையில் இருக்கிறது. இறுதியில் உள்ள மூன்று புள்ளிகளோ மிச்சத்தைப் படிப்பவரே நிரப்பிக்கொள்ளட்டும் என்று விடப்பட்டவை. இன்னும் தெளிவான சான்று, குழுவில் சற்று மேலே கிடந்தது. மூன்று நாள்களுக்கு முன், “அத்தைக்கு முழங்கால் வலி, இரவெல்லாம் உறங்கவில்லை” என்று அண்ணி எழுதியிருந்தார். அதற்கு வந்த விடை ஒரு கட்டைவிரல் குறி மட்டுமே.

பழமொழியைத் தனியே எடுத்துப் பொருள் காண்பவர் பாதிப் பொருளையே காண்பார். அதற்கு முன் என்ன சொல்லப்பட்டது, அதற்கு யார் விடை தரவில்லை என்பவற்றையும் சேர்த்துப் படித்தால்தான் மீதிப் பொருள் விளங்கும்.

இளைய மகன் அவ்வரியைப் படித்துச் சிரிப்புக் குறி ஒன்றை இட்டார். அவர் மனைவிக்குச் சிரிப்பு வரவில்லை. நாள்தோறும் காலை எட்டு மணிக்கு வங்கிப் பணிக்குப் புறப்படுகிறவர் அவர். ஆற்றின் படத்திற்குக் கீழே, “இக்கரைக்கு அக்கரை பச்சை” என்று எழுதினார். காவிரிக் கரையின் படத்திற்குப் பொருத்தமான வருணனை போலவே அது தோன்றியது. ‘எங்கள் வாழ்வு எளிது என்று நினைக்கிறீர்களா?’ என்பதே உட்பொருள். ஆயினும், அண்ணி எழுதியதில் பொறாமை இல்லை, களைப்பு இருந்தது. இல்லாத குற்றச்சாட்டு ஒன்றுக்கு ஓரகத்தி விடை தந்துவிட்டார்.

சென்னையில் இருந்த மகளோ, பொங்கலுக்குப் பிறகு தாம் வராததைத்தான் அண்ணி குத்திக்காட்டுகிறார் என்று எண்ணி வருந்தினார். அவர் அவ்வாறு எண்ணியதில் வியப்பில்லை. அத்தொடரில் எழுவாய் இல்லை. யார் வேண்டுமானாலும் அதன் எழுவாய் ஆகலாம்.

தொல்காப்பியர் முதுசொல்லையும் அங்கதத்தையும் செய்யுளியலில் அடுத்தடுத்து எண்ணுகிறார். அங்கதத்தைச் செம்பொருள் அங்கதம், பழிகரப்பு அங்கதம் என இருவகையாகப் பகுக்கிறார். வெளிப்படையாகப் பழிப்பது முன்னது. பழியை மறைத்துச் சொல்வது பின்னது. உறவினர் பலர் கூடிய இடத்தில் மறைத்துச் சொல்வதில் ஒரு நாகரிகமும் உண்டு. குறைக்கு உரியவர் மட்டும் உணர்வார்; பிறர் முன் தலைகுனிய நேராது. திண்ணையில் சொன்ன பழமொழிக்குக் குரலும் முகமும் துணையாக இருந்தன. அத்துணை நீங்கினால், உணர வேண்டியவர் சிரிப்பதும் தொடர்பில்லாதவர் வருந்துவதும் நேரும். மேலும், வெளிப்படையாகச் சொன்ன குறைக்கு மறுமொழி கூறலாம், மன்னிப்பும் கேட்கலாம். சொல்லாத குறைக்கு இவ்விரண்டும் இயலா.

மாலையில் மகள் அண்ணியைத் தொலைபேசியில் அழைத்து, “என்னையா சொன்னீர்கள், அண்ணி?” என்று கேட்டார்.

“உன்னை இல்லையம்மா. நான்கு இரவாக எனக்கு உறக்கமில்லை. இரண்டு நாள் யாராவது அத்தையைப் பார்த்துக்கொண்டால் போதும்.”

காலையில் எழுதிய தொடரில் இந்த இரண்டு நாள் எங்கும் இல்லை. மகள் அதைத் தம்பிக்குச் சொன்னார். ஞாயிறன்று குழுவில் அவர் எழுதியது: “அம்மா தில்லைநகர் வந்து சேர்ந்தார்.” சற்று நேரத்தில் அண்ணி எழுதினார்: “மாத்திரைகள் பையின் பக்க அறையில் உள்ளன. இரவு மாத்திரையைச் சாப்பிட்ட பிறகு கொடுக்கவும்.” ஓரகத்தியிடமிருந்து உடனே விடை வந்தது: “சரி, அக்கா. நீங்கள் உறங்குங்கள்.”