சான்றாவணம் 3

மதுரையில் ஒரு வங்கிக் கிளையில் எழுத்தராகச் சேர்ந்து ஓராண்டுகூட ஆகாத பெண் அவர். 2019 பிப்ரவரியில் என்னிடம் வந்தபோது, தன் போனில் இருந்த ஒரு வாட்ஸ்அப் உரையாடலை முழுக்கப் பிரிண்ட் எடுத்து, ஸ்பைரல் பைண்டிங் போட்டுக் கொண்டுவந்திருந்தார். போட்டித் தேர்வுப் பயிற்சி மையத்தில் பழக்கமானவன் எழுதியவை அவை. அவரைவிட நாலைந்து வயது மூத்தவன். படிக்கிற காலத்தில் நோட்ஸ் கொடுத்து உதவியிருக்கிறான். இவருக்கு வேலை கிடைத்ததும் பேச்சின் போக்கு மாறிவிட்டது. காபி சாப்பிட வரச் சொல்வது, ஞாயிற்றுக்கிழமை என்ன செய்கிறாய் என்று கேட்பது, பதில் வராவிட்டால் விடிய விடியக் கேள்விக்குறிகளாக அனுப்புவது.

“நாலஞ்சு தடவை வேண்டாம்னு சொல்லிட்டேன் மேடம். ஒரு வக்கீல் நோட்டீஸ் விட்டா அடங்கிடுவான்” என்றார்.

அந்த நாலைந்து தடவையையும் எதிர்த்தரப்பு வக்கீலின் கண்ணோடு படித்தேன். ‘இந்த வாரம் ஆடிட் இருக்குண்ணா, முடியாது.’ ‘ஊருக்குப் போறேன்ணா.’ ‘அம்மாவுக்கு உடம்பு சரியில்ல, அப்புறம் பாக்கலாம்.’ கொஞ்சம் கடுமையாகச் சொன்ன இடம் ஒன்றுதான்: ‘ப்ளீஸ்ண்ணா, இப்படியெல்லாம் பேச வேண்டாம்.’ அதன் முடிவில் கைகூப்பும் படம் ஒன்றும் சிரிக்கும் முகம் ஒன்றும் இருந்தன. அண்ணா என்று கூப்பிட்டாலே எல்லை போட்டதாகத்தான் நம் ஊர்ப் பெண்கள் நினைக்கிறார்கள். கூண்டில் நிற்கும்போது அதே வார்த்தையைப் பாசம் என்பார்கள். காரணம் சொல்லி மறுத்தாலும் இதே கதைதான். ஆடிட் முடிந்துவிட்டதா, அம்மாவுக்குக் குணமாகிவிட்டதா என்று கேட்டுக்கொண்டு அவன் மறுபடி வரலாம். வந்திருக்கிறான்.

அப்போது நடைமுறையில் இருந்தது இந்திய தண்டனைச் சட்டம். டெல்லி கூட்டுப் பாலியல் வன்கொடுமைச் சம்பவத்துக்குப் பிறகு, 2013-இல் அதில் 354டி என்ற பிரிவைச் சேர்த்தார்கள். ஒரு பெண் தனக்கு விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டிய பிறகும் ஓர் ஆண் அவரைப் பின்தொடர்ந்து, திரும்பத் திரும்பத் தொடர்பு கொண்டாலோ, கொள்ள முயன்றாலோ அது குற்றம். முதல் முறைக்கு மூன்று ஆண்டுவரை சிறை, அபராதம். 2024 ஜூலை 1 முதல் இதே குற்றம் பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவில் இருக்கிறது. இந்தப் பிரிவின் உயிர் ‘தெளிவாகக் காட்டிய பிறகும்’ என்ற இடத்தில் இருக்கிறது. காட்ட வேண்டியவர் அந்தப் பெண். அவருடைய வக்கீலோ அப்பாவோ சொன்னால் போதாதா என்று வாதாடலாம்தான். ஆனால் வாதாட வேண்டிய நிலைமையை நாமே ஏன் உண்டாக்க வேண்டும்?

அதனால்தான் நோட்டீஸ் வேண்டாம் என்றேன். நோட்டீஸ் போனால் பதில் நோட்டீஸ் வரும். ‘தங்கள் கட்சிக்காரர் என் கட்சிக்காரருடன் நட்பாகப் பழகியவர்’ என்று தொடங்கி இல்லாததும் பொல்லாததும் அதில் ஏறும். முதலில் நீங்களே எழுதி அனுப்புங்கள் என்று அங்கேயே உட்காரவைத்தேன்.

அவர் முதலில் எழுதியது ‘தப்பா நினைக்காதீங்கண்ணா’ என்று தொடங்கியது. நடுவில் ‘நீங்க நல்லவர்தான்’. கடைசியில் ‘வீட்ல ஒத்துக்க மாட்டாங்க’. மூன்றையும் எடுக்கச் சொன்னேன். வீடு ஒத்துக்கொள்ளாது என்றால் வீட்டைச் சம்மதிக்க வைக்கிறேன் என்று அவன் பெற்றோரிடம் போய் நிற்பான். காரணம் எதுவும் வேண்டாம், மன்னிப்பு வேண்டாம், கேள்வியும் வேண்டாம். மிரட்டலும் கூடாது. ‘போலீஸுக்குப் போவேன், வேலையைக் காலி செய்வேன்’ என்று எழுதினால் அதுவே அவன் தரப்பு ஆவணமாகிவிடும். பேசிப் பேசிக் கடைசியில் நின்றது இது:

‘உங்களோடு பேசவோ பழகவோ எனக்கு விருப்பம் இல்லை. இனி போன், மெசேஜ், நேரில் சந்திப்பது, வேறு ஆட்கள் மூலம் கேட்பது என எந்த வழியிலும் என்னைத் தொடர்புகொள்ள வேண்டாம். இது என் இறுதி முடிவு. இதற்குப் பதில் அனுப்ப வேண்டாம்.’

படித்துவிட்டு, “ரொம்பக் கறாரா இருக்கே மேடம்” என்றார். கறாராகத்தான் இருக்க வேண்டும் என்றேன்.

அனுப்புவதற்கு முன் இன்னொரு வேலை இருந்தது. அவனுடைய பொருள் ஏதாவது உங்களிடம் இருக்கிறதா என்று கேட்டேன். இரண்டு கைடு புத்தகம் இருந்தது. ஆன்லைன் மாதிரித் தேர்வுக்கு அவன் கட்டிய 1,200 ரூபாயும் பாக்கி. யாரும் இதைப் பெரிதாக நினைப்பதில்லை. ஆனால் தொடர்புகொள்வதற்கு நியாயமான காரணம் இருந்தது என்று காட்டினால் அந்தப் பிரிவே விலக்கு தருகிறது. கொடுத்த கடனைக் கேட்கப் போனேன் என்பது எதிரிக்குக் கிடைக்கும் முதல் கதவு. புத்தகங்களை ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்பினோம். பணம் அவன் கணக்குக்கே போனது. அன்று மாலைதான் அந்த மெசேஜ் போனது. வாட்ஸ்அப்பில் இரண்டு நீலக் குறி விழுந்ததும், அதையே எஸ்எம்எஸ்ஸாகவும் ஒருமுறை அனுப்பச் செய்தேன்.

அதற்குப் பிறகுதான் கஷ்டமான பகுதி. ஒரு வார்த்தைகூடப் பதில் போடக் கூடாது. திட்டுவதற்காகக்கூட. முப்பது அழைப்புக்கு வாய் திறக்காமல் இருந்துவிட்டு முப்பத்தோராவது அழைப்பை எடுத்துக் கத்தினால், முப்பத்தொரு தடவை கூப்பிட்டால் எடுப்பாள் என்பதுதான் அவன் கற்றுக்கொள்ளும் பாடம். எண்ணை பிளாக் செய்யலாமா என்று கேட்டார். பயமாக இருந்தால் தாராளமாகச் செய்யுங்கள், நிம்மதிதான் முக்கியம். இல்லையென்றால் சத்தத்தை மட்டும் அணைத்துவிட்டு, வருவது வரட்டும் என்று விடுங்கள். எதையும் அழிக்காதீர்கள் என்றேன். ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி, நேரம், இடம், கூட யார் இருந்தார் என்று குறித்துவரச் சொன்னேன்.

ஒரு மாதம் சத்தமில்லை. பெரும்பாலும் இந்த இடத்திலேயே விஷயம் முடிந்துவிடுகிறது. என்னிடம் வந்தவற்றில் கோர்ட் வரை போனவை குறைவு. இவன் மார்ச் மாதம் புது எண்ணிலிருந்து பிறந்தநாள் வாழ்த்து அனுப்பினான். கட்சிக்காரர் என்னைக் கூப்பிட்டு, “வாழ்த்துக்குத் தேங்க்ஸ் சொல்லலாமா மேடம், மரியாதைக்கு?” என்று கேட்டார். வேண்டாம் என்றேன். பிறகு அழைப்புகள், தோழியிடம் தூது, பேருந்து நிறுத்தத்தில் நிற்பது. ஏப்ரலில் ஒருநாள் வங்கி வாசலில் ஸ்வீட் பாக்ஸோடு நின்றான். காவலாளி உள்ளே விடவில்லை. சாயங்காலம் கிளை மூடும்வரை எதிர்க் கடையில் உட்கார்ந்திருந்தான்.

அன்றே கிளை மேலாளருக்கு எழுத்தில் ஒரு கோரிக்கை கொடுக்கச் சொன்னேன். சிசிடிவி பதிவு குறிப்பிட்ட நாட்களில் தானாக அழிந்து, அதன்மேல் புதியது பதிவாகும். போலீஸ் கேட்கும்வரை காத்திருந்தால் ஒன்றும் மிஞ்சாது. மறுநாள் அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் புகார். முதலில் சிஎஸ்ஆர் ரசீதுதான் கொடுத்தார்கள். அவனைக் கூப்பிட்டு விசாரித்து, இனி தொந்தரவு செய்ய மாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். எழுதிக் கொடுத்த மை காய்வதற்குள் மறுபடியும் பேருந்து நிறுத்தத்தில் நின்றான். அதன் பிறகே எஃப்ஐஆர்.

வழக்கை நடத்தியது அரசு உதவி வழக்கறிஞர். புகார்தாரரின் வக்கீலுக்கு அங்கே பெரிய இடமில்லை. அரசு வழக்கறிஞருக்குத் துணையாக இருந்து, நீதிபதியின் அனுமதியோடு எழுத்துபூர்வ வாதம் கொடுக்கலாம், அவ்வளவுதான்.

குறுக்கு விசாரணையில் எதிரியின் வக்கீல் எடுத்த முதல் ஆயுதம் ஒரு பொங்கல் வாழ்த்து. ஜனவரியில், ‘இப்படியெல்லாம் பேச வேண்டாம்’ என்று சொன்ன பிறகு, கரும்பும் பானையும் போட்ட ஒரு படம் என் கட்சிக்காரரின் போனிலிருந்து அவனுக்குப் போயிருந்தது. பேசாதே என்றவர் வாழ்த்து அனுப்புவாரா என்று கேட்டார். போனில் இருக்கிற எல்லோருக்கும் மொத்தமாக அனுப்பியது என்று அவர் பதில் சொன்னார். உண்மைதான். ஆனால் பிப்ரவரி மெசேஜ் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால், அந்தக் கரும்புப் படத்திலேயே வழக்கு விழுந்திருக்கும். அந்த மெசேஜ் இருந்ததால், அதற்கு முன்னால் நடந்த குழப்பம் எதுவானாலும் எங்களுக்குத் தேவையில்லை, அதற்குப் பின்னால் நடந்ததை மட்டும் பாருங்கள் என்று சொல்ல முடிந்தது. அந்தத் தேதிக்குப் பின் அவர் பக்கமிருந்து ஒரு எழுத்துகூட இல்லை.

அடுத்த வாதம் சட்டப்படி பலமானது. பிரிவில் ‘பின்தொடர்ந்து’ என்று இருக்கிறது, மெசேஜ் அனுப்புவது பின்தொடர்வது ஆகாது என்றார். வெறும் மெசேஜ்களை மட்டும் வைத்து நின்றிருந்தால் இதற்குப் பதில் சொல்லத் திணறியிருப்போம். வங்கிக் காவலாளியின் சாட்சியமும், சிசிடிவி பதிவும், நோட்டில் குறித்த பேருந்து நிறுத்தத் தேதிகளும் அங்கே கைகொடுத்தன. மெசேஜ்களின் பிரிண்டுக்குச் சாட்சியச் சட்டம் 65பி சான்றிதழ் கொடுத்திருந்தோம். போனையும் கையோடு கொண்டுவந்து நீதிபதி முன் காட்டினோம். 2020-இல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம், மூலக் கருவியை அதன் உரிமையாளரே கூண்டில் ஏறி ஆஜர்படுத்தினால் சான்றிதழ் தேவையில்லை என்று சொல்லியிருக்கிறது. ஆகவே இந்த மாதிரி வழக்கு இருக்கும்போது பழைய போனை எக்ஸ்சேஞ்சில் போட்டுவிடாதீர்கள்.

கடன் கதையும் வந்தது. அஞ்சல் ஒப்புகை அட்டையையும் வங்கிக் கணக்கு விவரத்தையும் நீட்டியதும் எதிர்த்தரப்பு வக்கீல் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

இந்தப் பிரிவு ஆணிடமிருந்து பெண்ணைக் காப்பதற்கு மட்டுமே. தொல்லைப்படுபவர் ஆணாக இருந்தால் இது உதவாது. மிரட்டல் இருந்தால் மிரட்டலுக்கான பிரிவு, இல்லையென்றால் சிவில் கோர்ட்டில் தடையுத்தரவு என்று வேறு வழி பார்க்க வேண்டும். ஆனால் அங்கேயும் அந்த நான்கு வரி மெசேஜை முதலில் அனுப்பச் சொல்லித்தான் நான் தொடங்குவேன்.

தீர்ப்பில் நீதித்துறை நடுவர் அரசுத் தரப்பு சான்றாவணம் 3 என்று குறியிடப்பட்ட அந்த மெசேஜை முழுமையாக எடுத்தெழுதி, இதைப் படித்த பிறகு புகார்தாரரின் மனம் தெரியாது என்று எதிரி சொல்ல முடியாது என்று குறிப்பிட்டார். மூன்று மாத மெய்க்காவல் சிறை, ஐயாயிரம் ரூபாய் அபராதம். மேல்முறையீட்டில் செஷன்ஸ் நீதிமன்றம் எதிரி குற்றவாளி என்பதை உறுதிசெய்து, சிறைத் தண்டனையை நீதிமன்றம் கலையும்வரை என்று குறைத்து, அபராதத்தைப் பத்தாயிரமாக உயர்த்தியது. அவன் அன்றே கட்டிவிட்டுப் போனான்.