சவூதி அயன் பொக்ஸ்

அமிர்தகழியில் ஒரு வீட்டார், சவூதியிலிருந்து எப்போதோ வந்த அயன் பொக்ஸின் தகட்டை இருட்டில் படமெடுத்து, வாசித்துத் தரக் கேட்டார்கள். வோல்ட் 127 போலவும் தெரிந்தது, 220 போலவும் தெரிந்தது. 1000 வொட், 7.9 அம்பியர் மட்டும் தெளிவு. வகுத்துப் பார்த்தோம்: 127. (220 என்றால் 4.5 அம்பியர்தான் இருக்கும். சூடாக்கும் சாமான்களுக்கே இந்தக் கணக்கு, பிரிட்ஜுக்குச் சரிவராது.) நம்ம கரண்ட் 230. நேரே செருகினால் மூன்று மடங்குக்கு மேல் சூடேறிக் கருகிவிடும்.

சீரியல் நம்பருக்குக் கணக்கு உதவாது. 8 ஆ, B ஆ? ஊகிக்காமல் கேள்விக்குறி போட்டோம். பிளாஷ் அடித்தால் தகடு மின்னி எழுத்து மறையும். டோர்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து எடுக்கச் சொன்னோம். பொறித்த எழுத்தில் நிழல் விழுந்தது, B.