ஐந்தாவது தடவை கேட்டால் கிடைக்கும்



எங்களோடு படிப்பிக்கும் ஒரு டீச்சர் போன கிழமை கேட்டார், "மகனுக்கு ரெண்டு வயசு. நல்லா உறங்கிட்டிருந்த புள்ள இப்ப ராவெல்லாம் எழும்பி எழும்பிக் கத்துது. நீங்க என்ன செஞ்சீங்க?" என்று. ஸ்டாஃப் ரூமில் நின்றுகொண்டு சொல்லி முடிகிற கதையில்லை அது. எழுதுகிறோம் என்று சொல்லியிருந்தோம். இது அதுதான். கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் மகன் 14 மாதத்திலேயே இரவு முழுக்க உறங்கப் பழகியவன். இஷாவுக்குப் பிறகு எட்டே காலுக்குப் படுத்தால் காலை ஆறு மணி வரைக்கும் சத்தமே இருக்காது. ஊரில் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தோம். இரண்டு வயதும் இரண்டு மாதமும் ஆனபோது எல்லாம் தலைகீழாகிவிட்டது. படுக்கப்போட்டால் தண்ணி. தண்ணி குடித்தால் மூச்சா. மூச்சா போய்வந்தால் பால். அதுவும் முடிந்தால் "போன்". உறங்கும்போது பத்தே முக்கால் ஆகிவிடும். பிறகு ஒன்றரை மணிக்கு எழும்பி அதே வரிசையில் மறுபடி தொடங்குவான்.

ஒன்றரை மாதம் இப்படிப் போனது. காலை ஏழரைக்குப் பாடசாலையில் நிற்கவேண்டிய இரண்டு பேர், "நீங்கதான் பழக்குனீங்க", "இல்ல, நீதான் பாலக் குடுத்தா" என்று விடியக்காலையிலேயே முகத்தைத் திருப்பிக்கொண்டு போனோம். ஒரு இரவு எங்களில் ஒருவரின் கை ஓங்கிவிட்டது. அடிக்கவில்லை. ஆனால் பிள்ளை தலையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான். அதற்குப் பிறகு அன்றைக்கு எங்களில் யாருமே உறங்கவில்லை. இதை இப்படியே விடக்கூடாது என்று தோன்றியது அந்த இரவில்தான்.

முதலில் உடம்பைப் பார்த்தோம். இரண்டு வயதை ஒட்டிக் கடைசிக் கடைவாய்ப் பற்கள் முளைக்கும். காதுவலி இருந்தால் படுத்ததும் கூடும். கீரைப்பூச்சி இருந்தால் இரவில்தான் பின்பக்கம் அரிக்கும். டொக்டரிடம் காட்டினோம். பல் ஈறு கொஞ்சம் வீங்கியிருந்தது, வேறொன்றும் இல்லை என்றார். பல்வலி ஒரு சில நாள் எழுப்பும். ஒன்றரை மாதமாகப் போன் கேட்க வைக்காது.

அடுத்து ஒரு கொப்பி எடுத்து ஏழு இரவுகள் எழுதினோம். எத்தனை மணிக்குக் கூப்பிட்டான், என்ன கேட்டான், நாங்கள் என்ன செய்தோம் என்று மூன்றே நிரல்கள். எட்டாம் நாள் அதைத் திறந்து பார்த்தபோது வெட்கமாக இருந்தது. முதலாவது கூப்பாட்டுக்கு "உறங்கு மனே" என்றிருக்கிறோம். இரண்டாவதுக்குத் தண்ணி. மூன்றாவதுக்கு ஏச்சு. நான்காவதுக்குப் பால். ஐந்தாவதுக்கு, சத்தத்தில் உம்மா எழும்பிவிடுவார் என்று, போன். தொடக்கத்தில் மூன்று தடவை கூப்பிட்டவன் கிழமை முடிவில் ஏழு தடவை கூப்பிட்டிருந்தான். அவன் பிடிவாதக்காரன் ஆகவில்லை. நாங்கள் விலையை ஏற்றிக்கொண்டே போனோம், அவன் கொடுத்துக்கொண்டே வந்தான்.

இதை ஆசிரியர் கலாசாலையில் படித்துப் பரீட்சையும் எழுதியிருக்கிறோம். ஸ்கின்னரின் புறாக்கள். ஒவ்வொரு தடவை கொத்தும்போதும் தீனி கிடைத்த புறா, தீனி நின்றதும் சீக்கிரமே கொத்துவதை விட்டுவிடும். எப்போதாவது மட்டும் கிடைத்த புறா விடாமல் கொத்திக்கொண்டே இருக்கும். வகுப்பிலும் தெரிந்த விஷயம்தான். "சேர், தண்ணி குடிச்சிட்டு வரட்டா" என்று கேட்பவனை நான்கு தடவை மறுத்து ஐந்தாவது தடவை அனுப்பினால், மறுநாள் வகுப்பே ஐந்து தடவை கேட்கும். வகுப்பில் செய்யாத பிழையை வீட்டில் செய்துகொண்டிருந்தோம்.

இரண்டு வயதில் பிள்ளைக்கு மூன்று விஷயங்கள் ஒன்றாக வருகின்றன. "வேணும்", "வேணா" என்று சொல்ல வாய் வருகிறது. தான் சொன்னால் உலகம் அசைகிறதா என்று பார்க்கும் ஆசை வருகிறது. உம்மாவும் வாப்பாவும் கண்ணில் படாமல் போய்விடுவார்கள் என்ற பயமும் கூடுகிறது. முதலிரண்டும் எல்லையைத் தட்டிப் பார்ப்பது. மூன்றாவது உண்மையான தேவை. இரவில் இவை கலந்து ஒரே அழுகையாக வருவதால்தான் நாங்கள் ஒரு நாள் இளகி, ஒரு நாள் ஏசிக்கொண்டிருந்தோம்.

கடைசியில் இருவரும் ஒரே ஒரு வரியில் உடன்பட்டோம். ஆளைக் கேட்டால் எப்போதும் ஆம், பொருளைக் கேட்டால் எப்போதும் இல்லை. பயந்தால், அழுதால், பக்கத்தில் உட்கார்ந்து முதுகில் கைவைப்போம், எத்தனை தடவையானாலும். பால், போன், லைட், இன்னொரு கதை, இவை விளக்கணைத்த பிறகு யார் கேட்டாலும் இல்லை. தனி அறையில் விட்டு அழவைக்கும் முறை எங்களுக்கு ஒத்துவராது. அவன் எங்கள் அறையில், எங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் தன் மெத்தையில்தான் படுக்கிறான்.

கேட்கப்போவதையெல்லாம் முன்கூட்டியே கொடுத்தோம். ராச்சாப்பாட்டோடு பால், பிறகு பல் தீட்டு, மூச்சா, நுளம்பு வலை, இரண்டு கதைப் புத்தகத்தில் அவன் தெரிவுசெய்யும் ஒன்று, துஆ, விளக்கு. ஒவ்வொரு நாளும் இதே வரிசை. எந்தப் புத்தகம், எந்தத் தலகாணி என்பது அவன் முடிவு. படுப்பதா இல்லையா என்பது அவன் முடிவில்லை. மூடிபோட்ட சின்னக் கோப்பையில் நாலு வாய்த் தண்ணி தலைமாட்டில் வைத்தோம். தாகமென்றால் அவனே எடுக்கலாம், கேட்கத் தேவையில்லை. மூச்சா என்றால் கூட்டிப்போவோம், ஆனால் பேச்சும் விளையாட்டும் இல்லாமல்.

எழும்பி வந்தால் சொல்ல ஒரே வசனம்: "இப்ப உறங்குற நேரம் மனே. நாங்க இங்கதான் இருக்கம். விடிஞ்சா எழும்புவம்." கையைப் பிடித்து மெத்தைக்குக் கொண்டுபோய் விடுவது. விளக்கமும் இல்லை, ஏச்சும் இல்லை. ஏச்சு கூட அவனுக்கு ஒரு கதைதான்.

முதல் இரவு பதினொரு தடவை மெத்தையை விட்டு எழும்பினான். 50 நிமிடம். இரண்டாம் இரவு 35 நிமிடம், எங்களுக்குச் சந்தோசம். மூன்றாம் இரவு ஒரு மணித்தியாலமும் இருபது நிமிடமும். கோப்பையை எறிந்தான், எங்களுக்கு அடித்தான், "போன்! போன்!" என்று தொண்டை கிழியக் கத்தினான். பெரும்பாலானோர் கைவிடுவது இந்த இடத்தில்தான். வழமையாகக் கிடைத்தது திடீரென்று நின்றால் பிள்ளை முதலில் இன்னும் கூடுதலாக முயற்சிசெய்து பார்க்கும், பிறகுதான் விடும். அன்றைக்குப் போனைக் கொடுத்திருந்தால், ஒரு மணித்தியாலமும் இருபது நிமிடமும் கத்தினால் கிடைக்கும் என்பதைத்தான் படிப்பித்திருப்போம்.

உம்மா வாசலில் வந்து நின்றார். "புள்ளய ஏன் இப்படி அழவெக்கிறீங்க? கொஞ்சம் பாலக் குடுங்களன். நான் ஆறு புள்ள வளத்தவள். ஒண்டையும் இப்படி அழவிடல்ல." அவர் சொன்னதில் பிழையில்லை. ஒருவர் பிள்ளையோடு இருக்க, மற்றவர் உம்மாவைக் குசினிக்குக் கூட்டிப்போய்ப் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்துக் கொப்பியைக் காட்டினோம். "அவன் தனிய இல்ல உம்மா. பக்கத்துலதான் இருக்கம். பாலத்தான் குடுக்கல்ல." உம்மா கொப்பியை நெடுநேரம் பார்த்தார். பிறகு அவர் கேட்டதுதான் எங்களுக்குத் தட்டுப்படாத விஷயம்: "பகலில இவன் அஞ்சு மணி வரைக்கும் உறங்குறானே, அதயும் எழுதுனீங்களா?"

எழுதவில்லை. நாங்கள் பாடசாலை விட்டு வரும் வரைக்கும் உறங்காமல் காத்திருந்து, மூன்று மணிக்குப் படுத்து ஐந்துக்கு எழும்பிக்கொண்டிருந்தான். ஐந்துக்கு எழும்பிய பிள்ளைக்கு எட்டே காலுக்கு எப்படி உறக்கம் வரும்? பகலுறக்கத்தையே நிறுத்திப் பார்த்தோம். அது எங்கள் அடுத்த பிழை. அன்றைக்கு மஃரிபிலேயே சிணுங்கத் தொடங்கி, இரவில் இரண்டு தடவை கூடுதலாக எழும்பினான். களைப்பு மிஞ்சினால் பிள்ளை நன்றாக உறங்காது, இன்னும் மோசமாக உறங்கும். இந்த வயதில் பகலும் இரவும் சேர்த்து 11 முதல் 14 மணித்தியாலம் தேவை. அதனால் நேரத்தை முன்னுக்கு இழுத்தோம். பன்னிரண்டுக்குச் சோறு, பன்னிரண்டரைக்கு உம்மம்மாவின் பக்கத்தில் உறக்கம், இரண்டு மணிக்கு எழுப்புவது. அந்தப் பொறுப்பை உம்மா எடுத்துக்கொண்டார். பாதி வேலை அவருடையது.

ஐந்தாம் இரவு 25 நிமிடம். ஏழாம் இரவு இரண்டு கூப்பாடு. ஒன்பதாம் இரவு நாங்கள்தான் எழும்பி மூச்சு விடுகிறானா என்று பார்த்தோம்.

இரண்டு கிழமைக்குப் பிறகு காய்ச்சல் வந்தது. அந்த இரவுகளில் சட்டமெல்லாம் இல்லை. தூக்கினோம், மருந்து கொடுத்தோம், கேட்டபோதெல்லாம் தண்ணி கொடுத்தோம், மார்பில் போட்டு உறங்கவைத்தோம். காய்ச்சல் விட்ட பிறகு பழைய வசனத்துக்குத் திரும்பினோம். இரண்டு இரவு சோதித்துப் பார்த்தான், பிறகு விட்டுவிட்டான். நோயில் இளகுவது ஒழுங்கைக் கெடுக்காது. சுகமான இரவில் இளகுவதுதான் கெடுக்கும்.

எல்லா இரவழுகையும் இந்தக் கணக்கில் வராது. படுத்து ஒன்றிரண்டு மணித்தியாலத்தில், கண் திறந்திருந்தும் உங்களையே தெரியாத மாதிரி அலறினால் அது சோதிப்பில்லை. எழுப்பாமல், விழாமல் பார்த்துக்கொண்டால் தானாக அடங்கும், காலையில் ஞாபகமும் இருக்காது. விடியப்போகும் நேரத்தில் கனவு கண்டு பயந்து உங்களைத் தேடினால், அணைத்துக்கொள்ளுங்கள். அதிகமாகக் குறட்டை விட்டாலோ, உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தாலோ இந்தக் கொப்பியை மூடிவைத்துவிட்டு டொக்டரிடம் போங்கள்.

நேற்றிரவு ஒரு தடவை எழும்பினான். இருட்டில் கையை நீட்டித் தடவிப் பார்த்தான். எங்கள் கை பட்டதும், "விடிஞ்சா எழும்புவம்" என்று அவனே சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தான். அல்ஹம்துலில்லாஹ்.

கேட்ட டீச்சருக்கு: முதலில் கொப்பி எழுதுங்கள். ஏழு இரவு. நீங்கள் எத்தனையாவது கூப்பாட்டில் இளகுகிறீர்கள் என்பது அதில் தெரியும். பிறகு வீட்டில் எல்லோரும் ஒரே வசனத்தில் உடன்படுங்கள். மூன்றாம் இரவுக்கு உங்களுக்காக நாங்களும் துஆ செய்கிறோம்.