அறுபது விழுக்காடு, எதில்?

ஒரு மழைப் பருவத்தின் தரவு முழுவதையும் சென்ற மாதம் ஒதுக்கிவைத்தேன். சர்க்கரைக் கரைசலில் தண்ணீர் கலந்த முறை பிழைபட்டதே காரணம். எவருக்கேனும் பயன்படலாம் என்பதால் அதை இங்கே எழுதிவைக்கிறேன்.

பெங்களூரில் இந்தியத் தேனீக்களின் நடனத்தை ஆய்ந்துவருகிறேன். 20 விழுக்காட்டுச் சர்க்கரைக் கரைசல் வைத்த தட்டுக்கு வந்து பழகிய தேனீ, கூட்டுக்குத் திரும்பியதும் ஆடுகிறதா, எத்தனை சுற்று ஆடுகிறது என்று எண்ணுவதே வேலை. கரைசல் செறிவாக இருந்தால் தேனீ மிகுதியாக ஆடும். பிப்ரவரியில் எண்ணியதைவிட ஜூலையில் நடனம் தெளிவாகக் கூடியிருந்தது. மழைக்காலத்தில் பூ குறைவு. பஞ்ச நாளில் நீர்த்த தேனையும் தேனீ பெரிதாக மதிக்கும். இந்த விளக்கம் அழகாகப் பொருந்தியது. அதை ஓர் இயலாகவே எழுதத் தொடங்கிவிட்டேன்.

வேறொரு தேவைக்காக ஒளிவிலகல்மானியை வாங்கிவந்த நாளில், குளிர்பெட்டியில் எஞ்சியிருந்த ஜூலைக் கரைசலையும் அறை வெப்பத்துக்குக் கொணர்ந்து ஒரு சொட்டு வைத்துப் பார்த்தேன். பிரிக்ஸ் அளவு 20 காட்டவேண்டிய இடத்தில் 23.5 காட்டியது. கருவியை வாலைவடிநீரால் பூச்சியத்துக்குக் கொணர்ந்து மீண்டும் பார்த்தேன், அதே 23.5.

ஜூலையில் கரைசல் கலந்தவர் எங்கள் ஆய்வகத்து முதுகலை மாணவி. "கவனமாக அளந்திருக்கக் கூடாதா?" என்று பிறர் முன்னிலையிலேயே கேட்டுவிட்டேன். அவர் மறுமொழி கூறாமல் தம் குறிப்பேட்டைத் திறந்து காட்டினார். மூலக் கரைசல் 100 மி.லி., தண்ணீர் 200 மி.லி. அறுபதை மூன்றாகப் பகுத்தால் இருபது. கணக்கில் குறையில்லை. அதே அளவில் புதிதாகக் கலந்து காட்டச் சொன்னேன். அதுவும் 23.5.

பிழை என் கையெழுத்தில் இருந்தது. மூலக் கரைசலை நான் 600 கிராம் சர்க்கரையும் 400 கிராம் தண்ணீரும் சேர்த்துக் காய்ச்சியிருந்தேன். புட்டியில் ஒட்டியதோ 'சர்க்கரை 60%' என்பது மட்டும். அதன் பொருள் 100 கிராம் கரைசலில் 60 கிராம் சர்க்கரை. ஆனால் அக்கரைசல் தண்ணீரைவிட மிகக் கனமானது. அதன் 100 மி.லி. ஏறத்தாழ 128.6 கிராம் எடையிருக்கும். அதில் உள்ள சர்க்கரை 60 கிராம் அன்று, 77.2 கிராம். அதனுடன் 200 கிராம் தண்ணீர் சேர்ந்தால் மொத்தம் 328.6 கிராம். 77.2-ஐ 328.6-ஆல் வகுத்தால் 23.5 விழுக்காடு. கருவி காட்டியது இதைத்தான். பிப்ரவரியில் நானே தராசில் நிறுத்துக் கலந்ததால் இச்சிக்கல் எழவில்லை.

புட்டியில் 100 மி.லி.க்கு 60 கிராம் என்ற கரைசல் இருந்திருந்தால் மாணவியின் முறை அந்த அலகில் சரியானதே. ஆயினும் அவ்வாறு கிடைக்கும் 20 விழுக்காடு, எடைக் கணக்கில் 18.6 அளவே. ஆக, இரண்டு இருபதுகளும் ஒன்றல்ல.

எஞ்சிய கரைசலைத் திருத்த முயன்றபோது இன்னொரு முறை சறுக்கினேன். 500 கிராம் இருந்தது. மூன்றரை விழுக்காடு மிகுதி என்பதால் மூன்றரை விழுக்காட்டுத் தண்ணீர், அதாவது 17.5 கிராம், ஊற்றினேன். கருவி 22.7 காட்டியது. நீர்த்தல் என்பது கழித்தல் அன்று. எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் சர்க்கரையின் எடை மாறாது. அதிலிருந்தே கணக்கைத் தொடங்கவேண்டும். 500 கிராமில் 23.5 விழுக்காடு என்றால் சர்க்கரை 117.5 கிராம். அதுவே மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்காக வேண்டுமானால் மொத்தம் 587.5 கிராம் ஆகவேண்டும். எனவே தேவையான தண்ணீர் 87.5 கிராம். முன்னரே ஊற்றிய 17.5 போக மீதி 70 கிராமைத் தராசில் வைத்தே சேர்த்தேன். கருவி 20 காட்டியது.

ஜூலையில் தேனீக்கள் கூடுதலாக ஆடியது பூப் பஞ்சத்தாலா, மூன்றரை விழுக்காட்டுச் சர்க்கரையாலா என்று இப்போது பிரித்தறிய வழியில்லை. அந்த இயலை நீக்கிவிட்டேன். அடுத்த மழைக்குக் காத்திருக்கவேண்டும். அவர் குறிப்பேட்டில் ஊற்றிய அளவுகளை உள்ளபடி எழுதி வைத்திராவிட்டால் காரணத்தையே கண்டிருக்க மாட்டேன். எல்லோர் முன்னிலையிலும் கேட்ட கேள்விக்கு எல்லோர் முன்னிலையிலும் வருத்தம் தெரிவித்தேன். புட்டியில் இப்போது அவர் கையெழுத்தில் புதிய சீட்டு ஒட்டியிருக்கிறது: '100 கிராம் கரைசலில் 60 கிராம் சர்க்கரை. நிறுத்துக் கலக்கவும்.'