புதன்கிழமை ஊசி, ஞாயிற்றுக்கிழமைக் காய்ச்சல்

5 மார்ச் 2025, புதன்

பேரனுக்கு ஒன்றரை வயது ஊசி இன்று போட்டாயிற்று. இடது தொடையில் டிபிடி பூஸ்டர், வலது கையில் தட்டம்மை-ரூபெல்லா இரண்டாம் தவணை, வாயில் போலியோ சொட்டு, கூடவே வைட்டமின் ஏ. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்த சிஸ்டர், தட்டம்மை மருந்தைக் கரைத்ததும் குப்பியின் மேலேயே நேரத்தை எழுதி வைத்தார். எனக்கு நிறைவாக இருந்தது. கரைத்த மருந்தை நான்கு மணி நேரத்துக்கு மேல் வைத்திருந்தால் கிருமி வளர்ந்துவிடும். அப்படிக் கெட்ட மருந்து உள்ளே போனால் சில மணி நேரத்திலேயே கடும் காய்ச்சலும் வாந்தியும் பேதியும் வரும். அது உயிர்போகிற காரியம். கிராம சுகாதார செவிலியராக இருந்த காலத்தில் நான் இதில் ஒருநாளும் விட்டுக்கொடுத்ததில்லை.

ஊசிக்குப் பிறகு அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். முகம் வீங்குவது, மூச்சுத் திணறுவது போன்ற கடும் ஒவ்வாமை வருவதானால் பெரும்பாலும் அந்த அரை மணிக்குள்தான் தெரியும்.

சாயங்காலம் ஏழு மணிக்கு மகள் ஓடி வந்தாள். “அம்மா, ஒடம்பு கொதிக்குதுங்மா.” அக்குளில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன், 101.2. இது எதிர்பார்த்ததுதான். அரசாங்க டிபிடியில் கக்குவான் கிருமியை முழுதாகக் கொன்று சேர்த்திருப்பார்கள். உடம்பு அதை நன்றாக அடையாளம் கண்டு எதிர்க்கிறது. அதனால் போட்டுக்கொள்ளும் பிள்ளைகளில் பாதிப் பேருக்காவது அன்றைக்கே காய்ச்சல் வரும். தனியார் மருத்துவமனைகளில் ‘வலியில்லாத ஊசி’ என்று சொல்வதில் அந்தக் கிருமியின் சில பகுதிகள் மட்டும் இருப்பதால் காய்ச்சல் குறைவு.

பையன் சிணுங்கிக்கொண்டே இருந்ததால் பாராசிட்டமால் கொடுத்தேன். எடை 10 கிலோ. கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்றால் 150. வீட்டில் இருந்த சிரப்பில் 5 மில்லிக்கு 125 மில்லிகிராம் என்று போட்டிருந்தது, ஆகவே 6 மில்லி. மாப்பிள்ளை வாங்கி வந்த இன்னொரு பாட்டிலில் 5 மில்லிக்கு 250. அதில் 3 மில்லிதான் கொடுக்க வேண்டும். சொட்டு மருந்து பாட்டிலாக இருந்தால் 1 மில்லியிலேயே 100 இருக்கும், ஒன்றரை மில்லி போதும். மூன்றும் ஒரே மருந்து, ஒரே மாதிரி அட்டைப்பெட்டி. “ஒரு மூடி குடுத்தேனுங்க” என்று தாய்மார் சொல்லும்போதெல்லாம் எந்த பாட்டில் என்று நான் கேட்பது இதனால்தான். மாப்பிள்ளை வாங்கியதை எடுத்து மேல் தட்டில் வைத்துவிட்டேன்.

6 மார்ச், வியாழன்

ராத்திரி பதினொரு மணிக்கு 102 வரை போனது. முதல் வேளை கொடுத்து நான்கு மணி நேரம்தான் ஆகியிருந்தது. பால் குடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான், அதனால் எழுப்பி மருந்து கொடுக்கவில்லை. நம்பரை இறக்குவதற்காக இல்லை மருந்து, பிள்ளையின் அவதி குறைவதற்காகத்தான். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, ஒரு நாளைக்கு நான்கு வேளைக்குள் நிறுத்திக்கொள்வது என் வழக்கம்.

காலையில் சம்பந்தியம்மா பேரனைப் போர்வையால் சுற்றி மடியில் வைத்திருந்தார். ஈரோட்டு மார்ச் வெயிலில் அப்படிச் சுற்றினால் நல்ல உடம்பே சுடும். துணியைத் தளர்த்தி, கால் மணி நேரம் கழித்து அளந்ததில் 100.6. “தண்ணி ஊத்தலாமுங்களா?” என்றார். பச்சைத் தண்ணீர் வேண்டாம், நடுக்கம்தான் வரும் என்று சொன்னேன். தாகத்துக்குக் கொடுத்தால் போதும்.

மதியம் அரை மணி நேரம் விடாமல் அழுதான். தூக்கித் தோளில் போட்டதும் அடங்கியது. மகளிடம் எதைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்று சொல்லி வைத்தேன். எடுத்தாலும் அணைத்தாலும் அடங்காமல் மூன்று மணி நேரம் அழுவது, வெளுத்துப்போய்த் துவண்டு கூப்பிட்டால் திரும்பாமல் கிடப்பது, 104-க்கு மேல் ஏறுவது, எட்டு மணி நேரமாக ஒன்றுக்குப் போகாமல் இருப்பது. இதில் எது வந்தாலும் உடனே டாக்டர். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் எதையும் திணிக்காமல் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடம் தாண்டினால் 108. முதல் தடவை வலிப்பென்றால், அது தானாக நின்றுவிட்டாலும் அன்றைக்கே காட்ட வேண்டும்.

7 மார்ச், வெள்ளி

98.4. தொடையில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி. தேய்க்காமல் விட்டால் தானே கரையும், சில வாரம் கூட ஆகலாம்.

9 மார்ச், ஞாயிறு

விடியற்காலை மறுபடி காய்ச்சல், 102.4. “ஊசிக் காய்ச்சல்தான், திரும்பி வந்திருக்குது, ரெண்டு நாள்ல போயிரும்” என்றார்கள் வீட்டில் எல்லோரும். நான் ஒத்துக்கொள்ளவில்லை.

டிபிடி காய்ச்சல் போட்ட அன்றே தொடங்கி இரண்டு நாளில் முடியும். முடிந்தும்விட்டது. தட்டம்மை மருந்தில் இருப்பது வலுவிழந்த உயிருள்ள வைரஸ். அது உடம்பில் பெருகிய பிறகுதான் காய்ச்சல் வரும், ஐந்தாவது நாளிலிருந்து பன்னிரண்டாவது நாளுக்குள். ஒன்பதாம் மாதத்தில் முதல் தவணை பிடித்துவிட்ட பிள்ளைக்கு இரண்டாம் தவணையில் அதுவும் அனேகமாக வராது. இன்று நான்காவது நாள். ஒன்று முடிந்து மற்றது தொடங்காத இடைவெளி. இந்த நாளில் இவ்வளவு காய்ச்சல் என்றால் அதை ஊசியின் மேல் போட முடியாது, வேறு காரணம் தேட வேண்டும்.

நேற்றிலிருந்து மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. வலது காதைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தான், படுக்க வைத்தால் வீறிட்டான். டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். செவிப்பறை சிவந்து புடைத்திருக்கிறதாம், நடுக்காதில் சீழ். ஆன்டிபயாடிக் எழுதினார். ஊசிக் காய்ச்சல் என்று செவ்வாய்க்கிழமை வரை வைத்திருந்தால் பிள்ளை அத்தனை நாளும் வலியில் துடித்திருப்பான். நல்லவேளை காதுதான். இதே பேச்சில் சிறுநீர்த் தொற்றும் டெங்குவும் மறைந்துபோனதை நான் வேலையில் பார்த்திருக்கிறேன்.

13 மார்ச், வியாழன்

அடுத்த தெருப் பெண் ஒன்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தது. அதே புதன்கிழமை ஊசி போட்ட பிள்ளை. நேற்றிலிருந்து 101, இன்று மார்பிலும் முதுகிலும் பொடிப்பொடியாகச் சிவப்பு. “அம்மா வந்திருக்குதுங்களா அக்கா? மாரியம்மன் பண்டிகை வேற வருது. வேப்பிலை கட்டிட்டேன், மருந்து எதுவும் குடுக்கல.”

அட்டையை வாங்கிப் பார்த்தேன். ஒன்பதாம் மாத ஊசி விட்டுப்போய், இப்போது போட்டதுதான் முதல் தவணை. இன்று எட்டாவது நாள். பிள்ளை இட்லி தின்றுகொண்டு கொலுசை ஆட்டி விளையாடியது. கண் சிவக்கவில்லை, இருமல் இல்லை, மூச்சு வாங்கவில்லை. இதுதான் ஊசியால் வரும் காய்ச்சல். தள்ளி வந்ததால் யாரும் ஊசியை நினைக்கவில்லை, அவ்வளவுதான். இந்தத் தடிப்பு அடுத்த பிள்ளைக்கு ஒட்டாது, ஓரிரு நாளில் மங்கும். வேப்பிலை இருக்கட்டும் கண்ணு, சிணுங்கினால் பாராசிட்டமாலும் கொடு என்று சொன்னேன். சனிக்கிழமை வரைக்கும் காய்ச்சல் இருந்தாலோ, பிள்ளை விளையாட்டை விட்டுச் சுருண்டு படுத்தாலோ காத்திருக்க வேண்டாம். ராத்திரியில் சந்தேகம் வந்தால் 104-க்கு போன் பண்ணிக் கேட்கலாம்.

17 மார்ச், திங்கள்

பன்னிரண்டாவது நாள். பேரனுக்குத் தட்டம்மை ஊசியால் ஒன்றும் வரவில்லை, காதும் தேறிவிட்டது. அடுத்த தெருப் பிள்ளைக்குச் சனிக்கிழமையே காய்ச்சல் விட்டுவிட்டதாம்.

அடுத்த டிபிடி ஐந்து வயதில். அப்போது சிஸ்டர் கேட்பதற்காக மகள் அட்டையின் ஓரத்தில் எழுதி வைத்தாள்: ‘அன்றிரவு 102, இரண்டு நாளில் சரி. வலிப்பு இல்லை. நீண்ட அழுகை இல்லை. 9-ஆம் தேதி காய்ச்சல் காதுத் தொற்றால்.’