மொட்டை மாடித் தண்ணீரும் இரண்டு பக்க அறிக்கையும்



நம்ம தொடர்மாடியில் மேல் தாங்கி நிரம்பி வழிந்து வீடுகளுக்குள் தண்ணீர் போன விஷயம் உட்துறைமுகப் பக்கம் எல்லாருக்கும் தெரியும். அதைப் பற்றி குடியிருப்பாளர் சங்கம் இரண்டு பக்க அறிக்கை ஒன்றை வாட்சப் குழுவில் போட்டிருக்கிறது. வரும் பொதுக்கூட்டத்தில் அதை நிறைவேற்றப் போகிறார்கள். அதற்கு முன் எல்லாரும் இதை ஒரு தடவை வாசித்தால் நல்லது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அறிக்கை மூன்று விஷயம் சொல்கிறது. ஒன்று, காவலாளி இரவில் மோட்டரை நிறுத்த மறந்துவிட்டார். இரண்டு, மொட்டை மாடித் தளம் ஒழுகுகிறது. மூன்று, ஆகவே தளம் முழுவதற்கும் நீர்க்காப்புப் பூச்சு போட வேண்டும், அதற்கு ஒவ்வொரு வீடும் காசு கட்ட வேண்டும், காவலாளியின் சம்பளத்திலும் மாதாமாதம் ஒரு தொகை கழிக்க வேண்டும்.

இந்த மூன்றில் எதுவுமே அன்று நடந்ததோடு பொருந்தவில்லை. கோபத்தில் சொல்லவில்லை. நான் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறவன். கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

முதலில் தண்ணீர் எப்படி மேலே போகிறது என்று பார்ப்போம். வீதிக் குழாயிலிருந்து மீட்டர் வழியாக வரும் தண்ணீர் கீழே நிலத்தடித் தாங்கியில் விழுகிறது. அங்கிருந்து மோட்டர் அதை மேல் தாங்கிக்கு ஏற்றுகிறது. மேல் தாங்கிக்குள் வயரில் தொங்கும் மிதவை சுவிட்ச் ஒன்று இருக்கிறது. தண்ணீர் குறைந்தால் மிதவை கீழே தொங்கும், மோட்டர் ஓடும். தண்ணீர் நிறைந்தால் மிதவை மேலே கவிழும், மோட்டர் நிற்கும். இதில் மனிதன் கை வைக்கும் வேலையே இல்லை. காவலாளியிடம் கேட்டேன். "சேர், அது தானாத்தான் ஓடும், தானாத்தான் நிக்கும். நான் அந்த சுவிட்சைத் தொடுறதே இல்ல," என்றார். அவர் சொன்னது உண்மை. நிறுத்துவது அவர் வேலையாக இருந்ததே இல்லை. இல்லாத ஒரு வேலையை ஒருவர் எப்படி மறக்க முடியும்?

அன்று நடந்தது இதுதான். மிதவையின் வயர் மேல் தாங்கிக்குள் வரும் குழாயில் சுற்றிக்கொண்டது. மிதவை மேலே எழும்ப முடியாமல் தொங்கியபடியே நின்றது. தாங்கி நிறைந்தது மோட்டருக்குத் தெரியவில்லை.

எவ்வளவு நேரம் ஓடியது? இதற்குச் சாட்சி காவலாளியின் கொப்பிதான். அவர் ஒவ்வொரு நாளும் மாலையிலும் காலையிலும் மீட்டரைப் பார்த்து எழுதி வைக்கிறார். சாதாரண இரவில் 2 யூனிட் ஓடும். அன்று 14 யூனிட். ஒரு யூனிட் என்றால் ஆயிரம் லீற்றர். ஆக மேலதிகமாக 12,000 லீற்றர். காலையில் கீழ்த் தாங்கியும் நிறைந்துதான் இருந்தது, ஆகவே அந்தப் 12,000 லீற்றரும் மேலே போய் வழிந்த தண்ணீர். மோட்டரின் வேகத்தையும் அளந்தோம். மேலே வரும் குழாயின் கீழ் 20 லீற்றர் வாளியை வைத்தால் அரை நிமிடத்தில் நிறைகிறது. நிமிடத்துக்கு 40 லீற்றர். 12,000ஐ 40ஆல் வகுத்தால் 300 நிமிடம், அதாவது ஐந்து மணித்தியாலம். சுபஹுக்கு எழும்பியவர்கள் நாலரை மணிக்கு மோட்டரை நிறுத்தினார்கள். அப்படியானால் தாங்கி வழியத் தொடங்கியது இரவு பதினொன்றரைக்கு. காவலாளியின் வேலை நேரம் பத்து மணியோடு முடிகிறது.

சரி, மிதவை சிக்கியது. ஆனால் மிதவை என்பது என்றாவது ஒரு நாள் பழுதாகும் சாமான். அதிலும் கடற்காற்றுப் படும் இடத்தில் சீக்கிரம் பழுதாகும். அது தெரிந்துதான் எல்லாத் தாங்கியிலும் வழிவுக் குழாய் ஒன்று வைக்கிறார்கள். அதற்கு இரண்டு வேலை. மிஞ்சும் தண்ணீரைக் கட்டடத்துக்கு வெளியே கொண்டுபோய் விட வேண்டும். அதோடு, கண்ணுக்குத் தெரியும் இடத்தில் விழுந்து, மேலே ஏதோ பிழை என்று ஆட்களுக்குச் சொல்ல வேண்டும்.

நம்ம வழிவுக் குழாய் இரண்டு வேலையையும் செய்யவில்லை. அது தாங்கி மேடைக்குக் கீழேயே, மொட்டை மாடித் தளத்திலேயே முடிகிறது. அங்கே விழும் தண்ணீரை யாரும் பார்க்க மாட்டார்கள். குழாயும் ஒரு அங்குலம்தான். உள்ளே வரும் குழாயும் ஒரு அங்குலம், ஆகவே சரிதானே என்று சிலர் கேட்டார்கள். சரியில்லை. உள்ளே வரும் தண்ணீரை மோட்டர் தள்ளுகிறது. வெளியே போகும் தண்ணீரை யாரும் தள்ளுவதில்லை, தன் பாரத்தில்தான் போக வேண்டும். குழாய் வாய்க்கு மேல் இரண்டு அங்குலம் தண்ணீர் நின்றால், ஒரு அங்குலக் குழாயால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 17 லீற்றர்தான் போகும். வருவதோ 40. மிச்சம் மூடியைத் தள்ளிக்கொண்டு வழியும். இரண்டு அங்குலக் குழாய் என்றால் வாயின் பரப்பு நாலு மடங்கு. 70 லீற்றர் அளவில் போகும், மோட்டரை வெல்லும்.

இதற்கு மேல் அந்தக் குழாயின் வாயில் துணி கட்டியிருந்தது. டெங்குக்குப் பயந்து யாரோ கட்டியது. நுளம்பு போகாமல் மூடச் சொன்னது நியாயமான அறிவுரைதான். ஆனால் துணி பாசி பிடித்துக் களிமண் மாதிரி ஆகிவிட்டது. அந்த இடத்தில் நுண்ணிய வலை போட வேண்டும், மாதம் ஒருமுறை கழுவ வேண்டும்.

அடுத்தது தளத்தில் விழுந்த தண்ணீர். தளம் ஏறக்குறைய 150 சதுர மீற்றர், சுற்றிவரக் கைச்சுவர். தண்ணீர் வெளியேற இரண்டு துவாரங்கள். ஒன்றை இந்தக் கச்சான் காத்தில் சேர்ந்த காய்ந்த இலையும் பொலித்தீன் பையும் அடைத்திருந்தன. மற்றது தாங்கி மேடையைப் பெருப்பித்துக் கட்டியபோது சீமெந்தால் அடைபட்டுப்போனது. மழை இல்லாத மாதங்கள், ஆகவே யாருக்கும் தெரியவில்லை. மொட்டை மாடி ஒரு தொட்டியாகிவிட்டது.

படிக்கட்டு வாசலின் படி 4 சென்ரிமீற்றர் உயரம். 150 சதுர மீற்றர் தளத்தில் 4 சென்ரிமீற்றர் தண்ணீர் நிற்க 6,000 லீற்றர் வேண்டும். நிமிடத்துக்கு 40 வீதம் 150 நிமிடம், இரண்டரை மணித்தியாலம். தளம் கொஞ்சம் சரிவு என்பதால் முன்பின் இருக்கலாம். ஆக பதினொன்றரை முதல் இரண்டு மணி வரை மேலே தேங்கியது. இரண்டு மணி முதல் நாலரை வரை மிச்சம் 6,000 லீற்றரும் படிக்கட்டாலும், குழாய்கள் இறங்கும் சுரங்கத்தாலும் கீழே வந்தது. அந்தச் சுரங்கத்தின் விளிம்பும் வாசற்படி அளவு உயரம்தான். மாடிக்குப் போய்ப் பாருங்கள். கைச்சுவரின் உட்பக்கம் சுற்றிவர ஒரு புழுதிக் கோடு இருக்கிறது. கோடு வாசற்படியின் உயரத்திலேயே நிற்கிறது.

இப்போது அறிக்கையின் இரண்டாவது விஷயத்துக்கு வருகிறேன். தளம் ஒழுகியிருந்தால் எந்த வீடு முதலில் நனைய வேண்டும்? தாங்கிக்கு நேர் கீழே உள்ள மேல்மாடி வீடு. அந்த வீட்டு முகட்டில் ஒரு சொட்டுக் கறை இல்லை. நனைந்தவை எல்லாம் படிக்கட்டு ஓரத்து வீடுகளும் குழாய்ச் சுரங்கத்தை ஒட்டிய குசினிகளும்தான். இரண்டாம் மாடியில் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையின் புத்தகங்கள் நனைந்தது குசினிப் பக்கச் சுவரோரம் அடுக்கி வைத்திருந்ததால். அந்த உம்மா சொன்னார், "மேலால ஒழுகல்ல சேர், சுவரால இறங்கிச்சு." அறிக்கை எழுதியவர்கள் அவரைக் கேட்டிருந்தால் போதும். தளத்துக்கு எத்தனை லட்சம் செலவழித்துப் பூச்சு போட்டாலும், அடுத்த முறை மிதவை சிக்கினால் தண்ணீர் அதே படிக்கட்டால் அதே குசினிக்குள் வரும்.

செய்ய வேண்டியது நாலு வேலை. வழிவுக் குழாயை இரண்டு அங்குலமாக்கி, வெளிச்சுவரால் இறக்கி, கேற் பக்கம் எல்லாரும் பார்க்கும் இடத்தில் விட வேண்டும். அடைபட்ட துவாரத்தை உடைத்துத் திறந்து, இரண்டுக்கும் கம்பி வலை போட வேண்டும். வாசற்படியையும் சுரங்கத்தின் விளிம்பையும் ஒரு செங்கல் உயரத்துக்குக் கட்ட வேண்டும். முதலாவதற்கு மேலே இரண்டாவது மிதவை சுவிட்ச் ஒன்று, வயர் சிக்காதபடி தனிக் குழாய்க்குள் விட்டுப் போட வேண்டும். ஒரு மேசனுக்கும் ஒரு பைப் வேலைக்காரருக்கும் சில நாள் வேலை.

சரியாகச் செய்தார்களா என்று பார்ப்பதும் லேசு. பகலில், இரண்டு பேர் மேலே நின்று, மிதவைகளைக் கையால் கீழே பிடித்துக்கொண்டு மோட்டரை ஓட விடுங்கள். பத்து நிமிடம் பாருங்கள். தண்ணீர் வழிவுக் குழாய்க்கு மேல் ஏறி, மூடியைத் தொடாமல் ஒரே மட்டத்தில் நின்றால் குழாய் போதும். ஏறிக்கொண்டே போனால் போதாது. அதே நேரம் கேற்றடியில் நிற்பவர் தண்ணீர் விழுவதைப் பார்க்க வேண்டும். மாரி மழைக்கு முன் இதை ஒருமுறை செய்தால் துவாரங்களையும் சேர்த்துப் பார்த்துவிடலாம்.

இன்னொன்று. அன்று தண்ணீர் படிக்கட்டு லைற்றுகளாலும் இறங்கியது. சிலர் அந்தத் தண்ணீரில் நின்றபடியே சுவிட்ச் போட்டார்கள். அல்லாஹ் காப்பாற்றினான். தண்ணீர் முகட்டால் வந்தால், காய்ந்த இடத்தில் நின்று மெயின் சுவிட்சை நிறுத்துவது முதல் வேலை. மெயின் சுவிட்சுக்குப் போகும் வழியே நனைந்திருந்தால் அதைத் தொட வேண்டாம், வெளியே போய் மின்சாரம் வழங்குபவர்களுக்கு அறிவியுங்கள். அறிக்கையில் இதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

செலவு யாருடையது என்ற கேள்வி வரும். தொடர்மாடி உரிமை பற்றிய 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் நம்ம நாட்டில் இருக்கிறது. அதன்படி கூரை, பொதுத் தாங்கி, பொதுக் குழாய்கள் ஆகியவை தனியொருவருடையவை அல்ல. அவற்றைப் பராமரிப்பது உரிமையாளர்கள் எல்லாரும் சேர்ந்த முகாமையின் பொறுப்பு. துணி கட்டிய குழாயும் சீமெந்து அடைத்த துவாரமும் நம்ம எல்லாருடைய சொத்து. அதன் பழுதை நாட்சம்பளக்காரர் ஒருவர் தன் சம்பளத்தால் அடைப்பது நியாயமில்லை. அதுவும், உண்மையைக் காட்டிய கொப்பியை எழுதி வைத்தவரே அவர்.

ஆகவே கூட்டத்தில் நான் இரண்டு திருத்தம் கேட்கப் போகிறேன். காவலாளி பற்றிய வரியை அறிக்கையிலிருந்து எடுக்க வேண்டும். நீர்க்காப்புப் பூச்சுக்குப் பதிலாக மேலே சொன்ன நாலு வேலைகளை எழுத வேண்டும். சங்கத்தில் இருப்பவர்கள் சம்பளம் இல்லாமல் நமக்காக ஓடித் திரிபவர்கள், அவர்கள் மேல் எனக்குக் குறை இல்லை. கூட்டத்துக்கு வருமுன் ஒருதரம் மாடிக்கு ஏறி அந்தப் புழுதிக் கோட்டைப் பார்த்துவிட்டு வாருங்கள். கணக்கில் பிழை இருந்தால் கூட்டத்திலேயே சொல்லுங்கள்.