கச்சான் காற்றும் உம்மம்மாவின் கேள்வியும்

உயர்தர முதலாம் ஆண்டின் இறுதித் தவணைப் பரீட்சையில் புவியியல் விடைத்தாள் கைக்கு வந்தபோது எனக்கு நம்பவே முடியவில்லை. பல்தேர்வு வினாக்களில் பெரும்பாலானவை சரி. ஆனால் இலங்கையின் காலநிலை பற்றிய கட்டுரை வினாவுக்கு 20க்கு 7 புள்ளிகள். ஓரத்தில் சிவப்பு மையில் ஆசிரியை இரண்டே சொற்கள் எழுதியிருந்தார்: "காரணம் எங்கே?"

அந்த அலகை நான் நான்கு தடவை வாசித்திருந்தேன். முக்கியமான வரிகளுக்கெல்லாம் மஞ்சள் நிறம் பூசியிருந்தேன். கடந்தகால வினாத்தாள்களில் அந்த அலகு வந்த இடங்களையும் செய்து பார்த்திருந்தேன். அப்படியிருந்தும் 7.

விடைத்தாளைப் பார்த்த உம்மா ஏசவில்லை. "படிச்சது நான் கண்டேன் மகள். எங்க போச்சு?" என்று மட்டும் கேட்டார். எனக்கும் அதுதான் கேள்வி.

அந்த விடுமுறையில் ஒரு மாற்றம் செய்தேன். கடந்தகால வினாத்தாளை ஒரே மூச்சில் செய்து முடிக்காமல், பகுதி பகுதியாகச் செய்வது. ஒரு பகுதியை நேரம் வைத்துச் செய்து, புள்ளியிட்டு முடிந்ததும், அதிலிருந்து ஒரு தலைப்பை எடுப்பேன். கொப்பி, புத்தகம், வினாத்தாள் மூன்றையும் மூடிவிட்டு, ஐந்து நிமிடம் அதை வாய்விட்டு விளக்குவேன். பிழைவிட்ட வினாக்களின் தலைப்பு மட்டுமல்ல, சரியாகச் செய்த வினாக்களின் தலைப்பையும் எடுப்பேன். என்னைக் காட்டிக்கொடுத்தவை பெரும்பாலும் சரியாகச் செய்தவைதான்.

முதல் நாள் எடுத்தது தென்மேல் பருவக்காற்று. கேட்பதற்கு உம்மம்மாவைப் பிடித்தேன். அவர் முற்றத்தில் முருங்கை இலை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"உம்மம்மா, மே மாசத்தில இருந்து செப்டெம்பர் வரைக்கும் தென்மேல் பருவக்காற்று வீசும். அது இந்து சமுத்திரத்துக்கு மேலால வாறதால நீராவியைச் சுமந்து வரும். நடுவில மலைநாடு தடுக்கும். காற்று மேல ஏறிக் குளிர்ந்து, மேற்குப் பக்கம் மழை பெய்யும். எங்கட பக்கம் மழை ஒதுக்கு. அதால மழை இல்லை. சூடான, வறண்ட காற்றுத்தான் வரும்."

"அது கச்சான்தானே?" என்றார் உம்மம்மா. "அதுக்கேன் இவ்வளவு கதை? சரி, கடல்ல இருந்து வாற காத்து எப்பிடி புள்ள சுடும்?"

"மழையைக் கொட்டிட்டு வருது உம்மம்மா."

"மழை பேஞ்சா குளிரத்தானே வேணும்?"

வாயைத் திறந்தேன். சொல் வரவில்லை. "அது வந்து... மலையைத் தாண்டி வாறதால..." என்று இழுத்தேன். மலையைத் தாண்டினால் ஏன் சுட வேண்டும்? மலை குளிரான இடமல்லவா? உம்மம்மா இலையை ஆய்ந்தபடி பொறுமையாகக் காத்திருந்தார். அன்றுதான் அந்தச் சிவப்பு மை எனக்கு விளங்கியது. "மழை ஒதுக்கு" என்ற பெயரைக் காரணம் என்று நினைத்து நான் எழுதியிருந்தேன். அது பெயர், காரணமல்ல.

உள்ளே போய்ப் புத்தகத்தைத் திறந்தேன். முழு அலகையும் வாசிக்கவில்லை. நான் தடுக்கி நின்ற அந்த ஓரிடத்தை மட்டும் தேடினேன். அதே பக்கத்தில், நான் மஞ்சள் பூசிய வரிக்கு இரண்டு வரி கீழே விடை இருந்தது. அதன்மேல் என் கண் பலமுறை ஓடியிருக்கிறது. ஒரு கணக்காகப் போட்டுப் பார்த்தேன்.

கடல் மட்டத்தில் 27 பாகை செல்சியசில் ஒரு காற்றுத் திணிவு மலையில் ஏறத் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். மேலே போகப் போக அமுக்கம் குறைவதால் காற்று விரிந்து குளிர்கிறது. முகில் உண்டாகும்வரை 100 மீற்றருக்குச் சுமார் 1 பாகை குறையும். 500 மீற்றரில் அது நிரம்பல் நிலையை அடைந்தால், அங்கே வெப்பநிலை 22 பாகை.

இனித்தான் நான் தவறவிட்ட இடம். அதற்கு மேல் நீராவி ஒடுங்கி நீர்த்துளிகளாகிறது. நீர் ஆவியாகும்போது எடுத்துக்கொண்ட வெப்பத்தை, ஒடுங்கும்போது காற்றுக்கே திருப்பிக் கொடுக்கிறது. அதுதான் மறைவெப்பம். ஆகவே காற்று முன்போல வேகமாகக் குளிர்வதில்லை. கணக்கிற்கு 100 மீற்றருக்கு 0.6 பாகை என்று எடுத்தால், 2000 மீற்றர் உச்சிக்குப் போகையில் இன்னும் 9 பாகைதான் குறைந்திருக்கும். உச்சியில் 13 பாகை.

மறுபக்கம் இறங்கும்போது காற்று அமுக்கப்பட்டுச் சூடாகிறது. ஈரத்தின் பெரும்பகுதி மேற்குச் சரிவிலேயே மழையாகிவிட்டது. ஆவியாக்க முகிலும் மிச்சமில்லை என்றால், இறங்கும் வழி முழுவதும் 100 மீற்றருக்கு 1 பாகை ஏறும். 2000 மீற்றருக்கு 20 பாகை. கீழே வந்து சேரும்போது 33 பாகை. புறப்பட்டது 27, வந்து சேர்ந்தது 33. அந்த 6 பாகைதான் நம் வீட்டு யன்னலைச் சாத்த வைக்கும் கச்சான்.

மஃரிபுக்குப் பிறகு திரும்பவும் உம்மம்மாவிடம் போனேன். இம்முறை தாளில்லாமல் சொல்லி முடித்தேன். "அப்ப மழை பேயிற பக்கத்திலதான் அது சூட்டை வாங்கிட்டு வருது" என்று அவர் ஒரே வசனத்தில் சுருக்கினார். என் கட்டுரையில் இல்லாமல்போன வசனம் அது.

ஏன் வாசிக்கும்போது இது தெரியவில்லை? வாசிக்கையில் அடுத்த வரியைப் புத்தகமே தந்துவிடுகிறது. கண் அதைக் கண்டதும், "இது தெரிந்ததுதான்" என்று மனம் தலையாட்டுகிறது. பல்தேர்வு வினாவிலும் சரியான விடை தாளிலேயே இருக்கிறது. அடையாளம் கண்டால் போதும். வாயால் சொல்லும்போது அடுத்த வசனத்தை நாமே கொண்டுவர வேண்டும்.

பின்னர் என் தடுமாற்றங்களைக் கவனிக்கத் தொடங்கினேன். கையில் ஒரு வெற்றுத்தாளும் பென்சிலும் மட்டும் வைத்துக்கொள்வேன். "அது வந்து" என்று இழுத்தால் ஒரு கோடு. "அதனால்" என்று சொல்லி, எதனால் என்று சொல்ல முடியாவிட்டால் ஒரு கோடு. ஒரு கலைச்சொல்லைச் சொல்லிவிட்டு, அதே விஷயத்தைச் சாதாரண பேச்சில் சொல்ல முடியாவிட்டாலும் ஒரு கோடு. முடிந்தபின் கோடு விழுந்த இடங்களை மட்டும் புத்தகத்தில் பார்ப்பேன். இரண்டு நாள் கழித்து அதே தலைப்பைத் திரும்பச் சொல்வேன். உடனே சொன்னால் சற்று முன் வாசித்ததைத்தான் ஒப்புவிப்பேன்.

இதற்கு எல்லையும் உண்டு. ஒருநாள் இரண்டாம் இடைப்பருவக்காற்றுக் காலம் டிசெம்பரில் தொடங்குவதாக ஒரு தடுமாற்றமும் இல்லாமல் சொன்னேன். அது ஒக்டோபர், நவம்பர் மாதங்கள். பிழையைத் துணிவோடு சொன்னால் கோடு விழாது. அதனால் மாதங்களையும் இடப்பெயர்களையும் மட்டும் முடிவில் கொப்பியோடு ஒப்பிட்டுக்கொள்வேன். படம் வரைதலும் இப்படி வராது. அதற்குப் பென்சில்தான் வேண்டும். நேரமும் பிடிக்கிறது. நான்கு வினாத்தாள் செய்யும் காலத்தில் இரண்டுதான் முடிகிறது.

அடுத்த தவணையில் அதே அலகிலிருந்து வந்த கட்டுரைக்கு 15 கிடைத்தது. விடைத்தாளை உம்மம்மாவிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டு எண்ணை மட்டும் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"அப்ப மார்கழியில வாடை எங்கட பக்கம் மழையைக் கொட்டிட்டு மலை ஏறிப் போகுதே, அந்தப் பக்கத்து ஆக்களுக்கும் கச்சான் அடிக்குமா புள்ள?"

வெற்றுத்தாளில் ஒரு கோடு போட்டேன்.